டர்பனில் சேர்த்த மிருதங்கம் லெனேசியாவில் ஏறினால்: சுருதி, சோறு, வார் பராமரிப்பு முழு வழிகாட்டி

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நன்றாகச் சுருதி சேர்த்து வைத்த மிருதங்கத்தை ஜூலை மாதம் காரில் ஏற்றி ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்குக் கொண்டுபோய்ப் பையைத் திறந்தால், வலது கை வாசிக்கும் வலந்தலை சுருதியில் அரைக் கட்டை ஏறியிருக்கும். புதிதாக வாசிப்பவர் உடனே கல்லை எடுப்பார். பத்து நிமிடம் தட்டி இறக்குவார். கச்சேரி நடுவில் அது மறுபடியும் நகரும். கை சரியாகத்தான் தட்டியிருக்கும், வேலையைச் செய்த வரிசைதான் தவறு. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். டர்பன் பயணத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் ஈரம், வறட்சி இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

தோல் வாரால் இழுத்து இறுக்கும் மரபு மிருதங்கத்தைத்தான் முதலில் சொல்கிறேன். போல்ட் வைத்ததற்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி உண்டு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான ஒரு கூழாங்கல். கட்டைவிரல் தடிமனில், நாலு அங்குல நீளத்தில் கெட்டியான ஒரு மரப்புள். புள்ளின் முனை தட்டையாக, கூர் இல்லாமல் இருக்க வேண்டும். கூர் இருந்தால் பின்னல் தோலை அறுத்துவிடும். ஹார்டுவேர் கடைச் சுத்தியல் வேண்டவே வேண்டாம். அடி எவ்வளவு விழுகிறது என்று கை உணர்வதற்குள் பின்னல் கீழே போயிருக்கும்.

தம்பூரா ஒலிக்கும் கருவியோ செயலியோ ஒன்று. ஃபோனில் டியூனர் இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை நம்பித் தொடங்காதீர்கள். மிருதங்க நாதத்தில் மேல் ஸ்வரங்களும் பலமாக இருப்பதால் திரை சில நேரம் பஞ்சமத்தையோ மேல் ஷட்ஜத்தையோ பிடித்துக்கொண்டு உங்களைக் குழப்பும். காதால் சேர்த்த பிறகு, திரையில் C# வருகிறதா என்று சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

இடது கை வாசிக்கும் தொப்பிக்கு மெல்லிய கோதுமை ரவை, கொஞ்சம் தண்ணீர், ஒரு பழந்துணி. பைக்குள் வைக்க ஒரு சின்ன ஈரமானி. விலை அதிகமில்லை, மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அதிகம் உதவும்.

2. எந்த உறுப்பு என்ன செய்கிறது

வலந்தலையில் மேலே வளையமாகத் தெரிவது வெட்டுத்தட்டு. அதற்கு அடியில், நடுவில் கறுப்பைச் சுமந்து நிற்கும் தோல் கொட்டுத்தட்டு. இரண்டுக்கும் இடையில் சின்னக் குச்சித் துண்டுகளோ கல் கப்பியோ வைத்திருப்பார்கள். அதனால்தான் குச்சி மிருதங்கம், கப்பி மிருதங்கம் என்று பெயர். நடுவில் இருக்கும் கறுப்புதான் சோறு. சாதம் என்றும் கரணை என்றும் சொல்வார்கள்.

தட்டுகளைச் சுற்றி ஒரு தோல் பின்னல் ஓடுகிறது. அதன் வழியாக 16 கண்களில் வார் நுழைந்து, எதிர்ப்பக்கத் தொப்பியோடு இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. மிருதங்கத்தின் மரக்கட்டை வாயில் குறுகி, போகப்போக விரிகிறது. ஆகவே பின்னல் கீழே இறங்க இறங்கத் தோல் இறுகும், சுருதி ஏறும். வார்ப் பக்கத்திலிருந்து பின்னலை மேலே தட்டினால் தோல் தளரும், சுருதி இறங்கும். நாம் செய்யும் வேலை முழுவதும் இவ்வளவுதான்.

வார் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதை மறக்கக்கூடாது. வலந்தலையை நிறைய இறுக்கினால் தொப்பியும் கொஞ்சம் இழுபடும். 4, 5, 6 ஆம் படிகளின் வரிசை இதிலிருந்துதான் வருகிறது.

3. கிளம்பும் முன் இறக்கி வையுங்கள், போன பிறகு காத்திருங்கள்

கடற்கரையில் இருக்கும் டர்பன் காற்றில் ஈரம் அதிகம். ஜோகன்னஸ்பர்க் பீடபூமி ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் மழை மிகக் குறைவு. உயரமானது தோலை ஒன்றும் செய்வதில்லை, அங்குள்ள வறட்சிதான் செய்கிறது. தோல் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தளரும், ஈரம் போனால் சுருங்கி இறுகும். வாரும் தோல்தானே, அதுவும் சேர்ந்து சுருங்குவதால் இரண்டு இழுப்பும் ஒரே திசையில் கூடும்.

ஆகவே ஈரமான ஊரிலிருந்து வறண்ட ஊருக்குப் போகும்போது, கிளம்பும் முன்பே அரைக் கட்டை இறக்கி வைத்துவிடுங்கள். முழுச் சுருதியில் இறுக்கி எடுத்துப்போனால், ஏற்கெனவே தேய்ந்த கொட்டுத்தட்டு பைக்குள்ளேயே கிழியலாம். பெரும்பாலும் சோற்றின் ஓரத்தை ஒட்டித்தான் கிழியும். வறண்ட ஊரிலிருந்து ஈரமான ஊருக்கு வரும்போது இந்தப் பயம் இல்லை. சுருதி இறங்கும், அவ்வளவுதான்.

காரில் டிக்கியில் போடாதீர்கள், உட்காரும் இடத்தில் படுக்க வையுங்கள். வழியில் ஹாரிஸ்மித்தில் சாப்பிட இறங்கும்போது கண்ணாடி வழியாக வெயில் படும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவது நம் ஆட்கள் எல்லோரும் செய்வது. குளிர்கால வெயில் என்று அலட்சியம். மூடிய காருக்குள் சூடு எப்படி ஏறும் என்று உங்களுக்கே தெரியும். சோறு வெடிக்கத் தொடங்கும் இடம் அதுதான்.

போய்ச் சேர்ந்ததும் உறையைத் திறந்து, வாசிக்கப்போகும் அறையிலோ அதே மாதிரி ஓர் அறையிலோ ஒரு ராத்திரி வையுங்கள். ஹீட்டர் பக்கம் வேண்டாம். தோல் அந்த ஊர்க் காற்றோடு சமன் ஆகும்வரை நகர்ந்துகொண்டேதான் இருக்கும், நகரும் தோலைச் சேர்த்துப் பயனில்லை. ராத்திரி கிடைக்காது, நேரே கச்சேரிக்குப் போகிறோம் என்றால், குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் மேடைப் பக்கம் கொண்டுபோய்த் திறந்து வையுங்கள்.

4. வலந்தலையைத் தோராயமாகச் சேர்ப்பது

மடித்த துணிமேல் தொப்பியை வைத்து மிருதங்கத்தை நிமிர்த்துங்கள். ஒரு கண்ணில் சாக்பீஸால் சின்ன அடையாளம் போட்டு அதை 1 என்று வையுங்கள். அங்கிருந்து வரிசையாக 16 வரை.

இப்போது 1, 5, 9, 13 ஆகிய நாலு கண்களுக்கு நேரே மட்டும் 'நம்' வாசித்துக் கேளுங்கள். மோதிர விரல் சோற்றின் ஓரத்தில் மெதுவாக ஒட்டியிருக்க, ஆள்காட்டி விரல் வெட்டுத்தட்டின் ஓரத்தில் விழட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்காதீர்கள், நாலு போதும்.

இங்கே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 1ஆம் கண்ணில் கேட்கும் ஒலி அந்தக் கண்ணுடையது மட்டும் இல்லை. விரல் தொட்டிருக்கும் இடம் அசையாமல் நிற்பதால், தோல் 1க்கும் எதிரே இருக்கும் 9க்கும் இடையில்தான் ஆடுகிறது. ஆகவே இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஸ்வரம் வரும். 1ஐத் தட்டினால் 9இலும் மாற்றம் தெரியும். புதியவர்கள் 1ஐ ஏற்றிவிட்டு, சுற்றி 9க்கு வந்து அதையும் ஏற்றி, மறுபடி 1க்கு வந்து "அய்யோ, ஏறிப்போச்சே" என்று இறக்குவார்கள். ஒரு மணி நேரம் இப்படியே போகும். 16 கண்ணை 8 ஜோடிகளாகப் பாருங்கள், தட்டவேண்டிய அடியை ஜோடியில் இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாகப் பகிருங்கள்.

புள்ளின் முனை பின்னலின் மேல் நிற்க வேண்டும். தட்டின் மேலும் வாரின் மேலும் படக்கூடாது. தட்டில் பட்டால் வெட்டுத்தட்டு பிளக்கும், வாரில் பட்டால் வார் நசுங்கி அங்கேயே ஒரு நாள் அறும். கல்லால் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று அடி, அப்புறம் கேளுங்கள். ஒரே பெரிய அடியில் பின்னல் ஒரு பக்கம் சரிந்துவிடும். சரிந்த பின்னலை நேராக்குவது சேர்ப்பதைவிடப் பெரிய வேலை.

நாலும் ஆதார ஷட்ஜத்துக்குக் கொஞ்சம் கீழேயே ஒன்றுபோல வந்தால் போதும், நிறுத்துங்கள். இறக்கிச் சேர்ப்பதைவிட ஏற்றிச் சேர்த்தால் பின்னல் நன்றாகப் பிடித்து நிற்கும். மேலே தட்டித் தளர்த்திய பின்னல் வாசிக்க வாசிக்க இன்னும் தளரும். அதிகமாக ஏறியிருந்தால் தேவைக்குக் கீழே வரை இறக்கிவிட்டு, அங்கிருந்து ஏற்றுங்கள்.

5. தொப்பிக்கு ரவை

ரவையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையில் ஒட்டி இழுபடும்வரை பிசையுங்கள். இங்கே மளிகைக்கடையில் முதலில் கைக்கு வருவது மக்காச்சோள மாவான மீலி மீல். அது வேலைக்கு ஆகாது. மக்காச்சோளத்தில் கோதுமையின் பசை இல்லாததால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும்.

தொப்பியை ஈரத்துணியால் மெதுவாக ஒற்றிவிட்டு, பெரிய எலுமிச்சை அளவு ரவையை நடுவில் அப்பி மூன்று அங்குல வட்டமாகத் தட்டுங்கள். நடு கொஞ்சம் தடிமனாக, ஓரம் மெலிந்து தோலோடு ஒட்டியிருக்கட்டும். ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் 'தொம்' வாசிக்கும்போது பட்பட் என்று கேட்கும். வலந்தலையின் கீழ் ஷட்ஜம் வரும்வரை சேர்க்கவோ கிள்ளவோ செய்யுங்கள். ரவை கூடினால் சுருதி இறங்கும்.

லெனேசியாவில் குளிர்காலத்தில் ரவை சீக்கிரம் காயும். முதல் உருப்படி முடிந்ததும் விரலை நனைத்து ஒரு தடவு தடவுங்கள். டர்பன் பிப்ரவரியில் இதுவே வேறு மாதிரி, ரவை காயாது, தொப்பி முழுவதும் ஊறித் தளரும். அப்போது கெட்டியாகப் பிசைந்து, தோலை நனைக்காமலே ஒட்டுங்கள்.

வாசித்து முடித்ததும் ரவையை எடுத்துவிட வேண்டும். "நாளைக்கும் வாசிக்கணுமே" என்று விட்டுவைத்தால் காய்ந்த ரவை தோலை இழுத்துச் சுருக்கும், பூஞ்சை பிடிக்கும், கரப்பானும் எலியும் தொப்பியையே தின்னும். கத்தியால் சுரண்டாதீர்கள். கொஞ்சம் நனைத்து, விரலால் உருட்டினால் வந்துவிடும்.

6. நுணுக்கமாகச் சேர்ப்பது: ஓர் உதாரணம்

24 அங்குல மிருதங்கம், பாடகருக்கு ஒன்றரைக் கட்டை, அதாவது C#. டர்பனில் ஒன்றுக்கு இறக்கிக் கொண்டுவந்தோம். லெனேசியாவில் ஒரு ராத்திரி வைத்தபின் காலையில் கேட்டால், தட்டாமலே ஒன்றரைக்கு மிக அருகில் வந்திருக்கிறது. நாலாம் படியில் 1–9 சற்று மேலே, 5–13 சற்றுக் கீழே. ரவை போட்டாயிற்று.

முதலில் மேலே இருப்பதை எடுத்துக்கொள்வோம். 1இல் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு லேசான தட்டு, 9இல் ஒன்று. ஷட்ஜத்துக்குச் சற்றுக் கீழே போகட்டும். இப்போது 5–13ஐ மறுபடி கேளுங்கள். 1–9 தளர்ந்ததால் அதுவும் ஒரு நூல் இறங்கியிருக்கும். முன்பே 5–13ஐச் சரியாக ஏற்றியிருந்தால் அந்த வேலை வீண். அதனால்தான் இறக்க வேண்டிய ஜோடியை முதலில் தொட வேண்டும். அப்புறம் 5–13ஐ மேலிருந்து இரண்டு தட்டு ஏற்றி, 1–9ஐயும் ஒரு தட்டில் ஷட்ஜத்துக்குக் கொண்டுவாருங்கள்.

நாலும் ஒன்றானதும் இடையில் இருக்கும் 3–11, 7–15 ஜோடிகள். 3–11 கீழே இருக்கிறது என்று வைப்போம். முழுவதையும் 3லேயே தட்டித் தீர்க்காமல் 3இல் ஒன்று, 11இல் ஒன்று. இந்த எட்டுக் கண்ணும் நின்றுவிட்டால் இரட்டைப்படைக் கண்கள் பெரும்பாலும் தானாகவே வந்திருக்கும். வராத ஒன்றிரண்டை மட்டும் தொடுங்கள்.

கடைசியில் சாப்பு. சுண்டுவிரல் விளிம்பால் சோற்றின் ஓரத்தில் வாசித்து, மிருதங்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கேளுங்கள். 'நம்' எல்லா இடத்திலும் சரி, சாப்பு மட்டும் ஒரு பக்கம் மந்தம் என்றால் அது சுருதிக் குறை இல்லை. சோற்றில் பார்க்க வேண்டும். அதைக் கல்லால் சரிசெய்யப் போனால் நல்ல கண்ணும் கெடும்.

ஐந்து நிமிடம் பலமாக வாசித்துவிட்டு மறுபடி ஒரு சுற்று கேளுங்கள். கையின் சூடும் அடியும் பட்டதும் புதிதாகத் தட்டிய இடங்கள் சற்று நகரும். ஒரு மிருதங்கத்தை அதன் சுருதியிலிருந்து அரைக் கட்டைக்கு மேல் ஏற்றுவதற்கு நான் ஒருபோதும் ஒத்துக்கொள்வதில்லை. நாலு, ஐந்து கட்டைப் பாடகிகளுக்கு 22 அங்குலத்தில் தனி மிருதங்கம்தான் வழி.

7. சோறு

வெந்த சாதத்தையும் இரும்புச் சத்துள்ள ஒரு கருங்கல்லின் பொடியையும் சேர்த்து அரைத்த பசைதான் சோறு. மெல்லிய படலமாகப் பூசி, கல்லால் தேய்த்துக் காயவைத்து, மேலே அடுத்த படலம் என்று பல சுற்று போகும். நடுவில் தடிமன், ஓரத்தில் மெலிவு. வெறும் தோலில் ஸ்வரம் தெளிவாக நிற்காது, நடுவில் ஏற்றும் இந்தப் பாரம்தான் மேல் ஸ்வரங்களை ஷட்ஜத்தோடு இசையவைக்கிறது. சி. வி. ராமன் 1920இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சோறு முழுவதும் மயிரிழை போன்ற கோடுகள் தெரியும். அவை பழுது இல்லை. அந்தக் கோடுகள் இருப்பதால்தான் கெட்டியான பசை தோலோடு சேர்ந்து வளைகிறது. "விரிசல் விட்டுப்போச்சு" என்று உடனடிப் பசையை ஊற்றிய மிருதங்கத்தை நான் பார்த்திருக்கிறேன். பசை கோடுகளை அடைத்ததும் சோறு ஒரே பாளமாகிவிட்டது, சாப்பு மரத்தில் தட்டியதுபோல டொக் என்றது. தட்டும் பின்னலுமாகச் சேர்ந்த மூட்டு முழுவதையும் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

உண்மையான பழுது எது? நகத்தால் ஓரத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் கலகலவென்று சத்தம் மாறினால் அங்கே சோறு தோலைவிட்டுத் தூக்கியிருக்கிறது. வாசிக்கும்போது ஜிர் என்று இழுக்கும். துணுக்கு உதிர்ந்திருந்தால் சாப்பின் கணீர் குறையும், அந்தப் பக்கம் சுருதி சற்று ஏறும், ஏனென்றால் பாரம் போய்விட்டது. இதற்கு வீட்டு மருத்துவம் கிடையாது. வாசிக்கும் பக்கத்தைத் திருப்பி, பழுது கைபடாத இடத்தில் இருக்குமாறு வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

சோற்றில் தண்ணீர் படக்கூடாது, எண்ணெய் தடவக்கூடாது. வியர்வையை உலர்ந்த துணியால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். தொப்பிக்கு ரவை போட்ட கையைக் கழுவித் துடைத்தபிறகே வலந்தலையைத் தொடுங்கள்.

8. வார்

சேர்த்த சுருதி பத்து நிமிடத்தில் எல்லாக் கண்ணிலும் ஒன்றுபோல இறங்கினால் தோலைச் சந்தேகப்படாதீர்கள், வாரை விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல வார் கெட்டியாக எதிர்க்கும். உள்ளே அமுங்கினால் தளர்ந்துவிட்டது. பின்னலைக் கீழே தட்டினாலும் அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. பின்னல் ஏற்கெனவே வாயிலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது என்றாலும் அதே முடிவுதான், இனித் தட்ட இடமில்லை.

அவசரத்துக்கு வாருக்கும் கட்டைக்கும் இடையில் ஒரே அளவான உருண்டை மரத்துண்டுகளைச் செருகலாம். எதிரெதிராக, சம இடைவெளியில் இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் செருகினால் சுருதி கோணிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நிலையான வழி வார் பிடிப்பதுதான், அதை இழுக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். இங்கே நினைத்தவுடன் கூப்பிட ஆள் கிடைக்காது, அதனால் ஊருக்குப் போகும் யாரிடமாவது கொடுத்தனுப்ப முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

வாருக்கு எண்ணெய் போட்டால் பளபளப்பாகும், நெகிழவும் செய்யும். இறுக்கம் வேண்டிய இடத்தில் நெகிழ்வு எதற்கு? உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

9. போல்ட் மிருதங்கம்

ஸ்பேனரால் இறுக்கும் மிருதங்கத்திலும் ஜோடி விதி அப்படியேதான். ஒரு நட்டைக் கால் சுற்று, அதன் எதிர் நட்டைக் கால் சுற்று. திருகுவது சுலபம் என்பதால் எல்லை தெரியாமல் ஏற்றுவதும் சுலபம், நான் பார்த்த கிழிந்த கொட்டுத்தட்டுகளில் நிறைய இந்த வகையைச் சேர்ந்தவை. டர்பன் கடற்காற்றில் நட்டு துருப்பிடிக்கும். எண்ணெயைத் துணியில் நனைத்து மரையில் மட்டும் தடவுங்கள், தோலுக்கு வழியவிடாதீர்கள்.

10. பருவத்துக்கு ஏற்ற காப்பு

டர்பனில் டிசம்பர் முதல் மார்ச் வரை, தைப்பூசக் காவடி நாட்களும் சேர்த்து, பைக்குள் துணிமுடிச்சில் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஈரமானி 50ஐ ஒட்டி நின்றால் நல்லது, 40க்குக் கீழே போனால் ஜெல்லை எடுத்துவிடுங்கள். சுருதி இறங்கிவிட்டதே என்று தினமும் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்ததும் அந்த ஏற்றம் முழுவதும் சேர்ந்து தோலை இழுக்கும். வாசிக்கும் நாளில் மட்டும் ஏற்றி, முடிந்ததும் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

ஜோகன்னஸ்பர்க் குளிர்காலத்தில் நேர் எதிர். துளை போட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த துணியை வைத்துப் பையின் மூலையில் வையுங்கள், தோலைத் தொடக்கூடாது. வறட்சியில் பலாக்கட்டையும் வெடிக்கலாம். வெடிப்பு வார்களுக்கு நடுவே நீளவாக்கில் ஓடும், மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

எப்போதும் படுக்க வையுங்கள், வலந்தலை தரையில் ஊன்றக்கூடாது. சுவரை ஒட்டி வேண்டாம், சுவரின் ஈரம் ஒரு பக்கத்தை மட்டும் தளர்த்தும்.

11. மாற்று மூட்டு வரவழைக்கும்போது

சென்னையிலோ தஞ்சாவூரிலோ இருந்து மூட்டு வரவழைத்தால், கட்டை வாயின் வெளி விட்டத்தை இரண்டு குறுக்காக அளந்து மில்லிமீட்டரில் எழுதி அனுப்புங்கள். பழைய கட்டை வாய் சரியான வட்டமாக இருக்காது. கூடவே எத்தனை கட்டைச் சுருதி, குச்சியா கப்பியா, வாரா போல்ட்டா, போல்ட் என்றால் எத்தனை என்பதையும் எழுதுங்கள். நீங்கள் இருப்பது கடற்கரையா பீடபூமியா என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், மூட்டு செய்பவர் தோலின் தடிமனை அதற்கேற்பப் பார்ப்பார். மூட்டு வந்ததும் பார்சலைப் பிரித்து ஒரு வாரம் அப்படியே வீட்டில் வைத்துவிட்டு, அப்புறம் மாட்டுங்கள்.